பிரிண்டருக்கு ஒரு பாஸ்வேர்டு: 1962 முதல் எங்கள் குடோன் வரை

எங்கள் ஆபீஸ் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது. ஜெராக்ஸ் என்பது பழக்கத்தில் சொல்வது, கம்பெனி வேறு. அது பிரிண்ட் போடும், நகல் எடுக்கும், ஸ்கேன் செய்து மெயிலிலும் அனுப்பும். அதன் வலது பக்கத்தில், பேப்பர் ட்ரேக்கு மேலே, மஞ்சளாகிப் போன ஒரு ஸ்டிக்கர். அதில் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு மெயில் முகவரியும் அதன் பாஸ்வேர்டும் எழுதியிருந்தன. மெஷினை வாடகைக்குத் தந்த நிறுவனத்தின் சர்வீஸ் எஞ்சினியர் மறந்துவிடக் கூடாதே என்று எழுதி ஒட்டியது. ஆறு வருஷமாக அது அங்கேயே இருந்தது. நானும் தினமும் அதைக் கடந்துதான் போனேன்.

போன வருஷம் நிர்வாகப் பிரிவில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். வழக்கம்போல அவருடைய கணக்குகளை மூடும்போது, இந்த ஸ்கேன் மெயில் பெட்டி ஞாபகம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். சென்ட் ஐட்டம்ஸில் ஆறு வருஷத்து ஸ்கேன்கள் அப்படியே கிடந்தன. ஆதார் நகல், பான் கார்டு, சம்பள ஒப்பந்தம், ஒருவருடைய மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, வங்கிக்குக் கொடுத்த கையெழுத்து மாதிரி. ஸ்கேன் செய்தவர்கள் தங்கள் இன்பாக்ஸில் வந்ததை அழித்திருக்கலாம். அனுப்பிய பெட்டியில் ஒரு நகல் சேர்ந்துகொண்டே இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

லாகின் பதிவைப் பார்த்தேன். ஆபீஸ் இணைய முகவரியைத் தவிர இன்னொரு முகவரியும் இருந்தது, ஏதோ ஒரு வீட்டு பிராட்பேண்ட். விசாரித்ததில், இரண்டு வருஷம் முன்பு கணக்குப் பிரிவில் இருந்து விலகிய ஒருவருடைய போன். ஏதோ அவசரத்துக்கு அந்தப் பெட்டியைத் தன் போனில் சேர்த்திருக்கிறார், பிறகு மறந்துவிட்டார். போன் அதுபாட்டுக்கு மெயிலை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கேட்டவுடன் வருத்தப்பட்டு அழித்தார். ஆனால் அவர் நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம், எங்கள் பாதுகாப்பு ஏற்பாடு அல்ல.

அன்றிலிருந்து ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. ஒரு பிரிண்டருக்கு எதற்கு பாஸ்வேர்டு? எப்போது அது வந்தது? அதை மாற்றுவது ஏன் இவ்வளவு பாடு? தேடிப் படித்ததையும், நாங்கள் பட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் திருட்டே பிரிண்டர் வழியாகத்தான்

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டின் கதையை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்து தொடங்குவது வழக்கம். பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு 1961-இல் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பைச் செய்துகாட்டியது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பு. ஆளாளுக்குத் தனிக் கோப்புகள், தனி நேர ஒதுக்கீடு. அவற்றைப் பிரித்து வைக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு.

ஆலன் ஷெர் அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். தனக்கு ஒதுக்கிய நேரம் அவருக்குப் போதவில்லை. அந்த அமைப்பில் ஒரு வசதி இருந்தது: கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் ஒரு துளை அட்டையில் குத்திக் கொடுத்தால், அந்தக் கோப்பை அச்சடித்து ஒரு அலமாரியில் வைத்துவிடுவார்கள். 1962-இல் ஒரு வெள்ளிக்கிழமை பின்னிரவு, ஷெர் பாஸ்வேர்டு கோப்பின் பெயரைக் குத்திக் கொடுத்தார். சனிக்கிழமை விடியற்காலையில் போய் அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டார். எல்லாருடைய பாஸ்வேர்டும் கையில். இதை அவர் வெளியே சொன்னது பல வருஷங்கள் கழித்துத்தான்.

அந்த அச்சு இயந்திரத்திடம் பாஸ்வேர்டு எதுவும் இல்லை, கேட்டதை அச்சடித்தது, அவ்வளவுதான். அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அறுபது வருஷம் கழித்தும் நம் ஆபீஸ்களில் இதே நிலைமைதான்.

பாஸ்வேர்டு கேட்காத மெயில்

மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்.எம்.டி.பி.யை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணமாக வெளியிட்டார். அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. ஒரு மெஷின் இன்னொரு மெஷினின் 25-ஆம் போர்ட்டைத் தட்டி, "நான் இன்னார், இந்தக் கடிதம் இன்னாருக்கு" என்றால், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்போது நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும், எல்லாரும் தெரிந்த முகங்கள்.

நகல் எடுக்கும் மெஷின்கள் மெயில் அனுப்பக் கற்றுக்கொண்டபோது, அவற்றுக்கும் இந்தப் பழக்கம்தான் வந்தது. ஆபீஸுக்குள்ளேயே ஒரு மெயில் சர்வர் இருக்கும். மெஷினில் அதன் ஐ.பி. முகவரியைப் போட்டால் போதும். உள் நெட்வொர்க்கில் இருந்து வருகிறதா, சரி, நம்ம ஆள் என்று சர்வர் ஏற்றுக்கொள்ளும். பாஸ்வேர்டு இல்லாததால் மாற்றுகிற வேலையும் இல்லை.

இதற்குள் வெளியுலகம் மாறிவிட்டது. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் அனுப்பலாம் என்பதை ஸ்பாம் அனுப்புகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பதிலாக இரண்டு ஏற்பாடுகள் வந்தன. 1998 டிசம்பரில், சர்வர்கள் தங்களுக்குள் பேசும் 25-க்குப் பதிலாக, பயனர்கள் மெயில் ஒப்படைக்க 587 என்று தனி போர்ட். 1999 மார்ச்சில், அந்த வாசலில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் முறை. மனிதர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. ஒருவர் தன் மெயில் மென்பொருளில் தன் பாஸ்வேர்டைத் தானே போட்டுக்கொள்வார் என்பதே அதன் பின்னால் இருந்த எண்ணம்.

பிறகு நிறுவனங்கள் தங்கள் மெயில் சர்வரைக் கழற்றிவிட்டு கிளவுடுக்குப் போனார்கள். மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 365 வந்தது 2011-இல். சர்வர் இப்போது உள் நெட்வொர்க்கில் இல்லை, எங்கோ இருக்கிறது. அதற்கு உங்கள் ஆபீஸ் பிரிண்டரைத் தெரியாது. மெயில் அனுப்ப வேண்டுமா, பயனராக உள்ளே வா என்றது. ஆக, பிரிண்டருக்கு ஒரு மெயில் பெட்டி, ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. இயந்திரத்துக்கு ஆள் வேஷம் கட்டிவிட்டோம். ஆனால் அந்த ஆள் ராஜினாமா செய்வதில்லை, போனில் வரும் ஓ.டி.பி.யைப் பார்த்துச் சொல்வதில்லை, தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்வதும் இல்லை.

மெஷினுக்குள் பாஸ்வேர்டு எப்படி இருக்கிறது

இதில் ஒரு தொழில்நுட்ப முடிச்சு உண்டு. அது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும்.

ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-இல் எழுதிய கட்டுரை யூனிக்ஸ் பாஸ்வேர்டுகளின் வரலாற்றைச் சொல்வது. அதன் சாரம்: சர்வர் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. திரும்பப் பெற முடியாதபடி அரைத்து, அந்த மாவை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பாஸ்வேர்டு கொடுக்கும்போது அதையும் அரைத்து ஒப்பிட்டால் போதும்.

இது பாஸ்வேர்டைக் கேட்பவருக்குச் சரி. பிரிண்டர் கேட்பவர் அல்ல, சொல்பவர். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அது பாஸ்வேர்டைச் சர்வரிடம் ஒப்பிக்க வேண்டும். எனவே உள்ளே எப்படிப் பூட்டி வைத்தாலும், தேவைப்படும்போது அசல் வடிவில் எடுக்கக்கூடியதாகத்தான் வைத்தாக வேண்டும். அது ஒப்பிக்கும் விதம் இப்படி இருக்கும் (முகவரியும் பாஸ்வேர்டும் கற்பனை):

```
S: 334 VXNlcm5hbWU6
C: c2NhbkBleGFtcGxlLmNvbQ==
S: 334 UGFzc3dvcmQ6
C: U2NhbkAxMjM=
S: 235 2.7.0 Authentication successful
```

S என்பது சர்வர், C என்பது பிரிண்டர். பார்க்க ரகசிய எழுத்து போல இருக்கும், ஆனால் இது பேஸ்64 மட்டுமே. எழுத்துகளை வேறு எழுத்துகளாக மாற்றி எழுதுவது, யாரும் நொடியில் திருப்பலாம். கடைசியாக C அனுப்பியதைத் திருப்பினால் Scan@123 என்று வரும். இதைப் பாதுகாப்பது சுற்றியிருக்கும் டி.எல்.எஸ். உறை மட்டும்தான்.

உறை சரியாக இருந்தாலும் கடிதம் தவறான வாசலுக்குப் போனால்? 2011-இல் டெஃப்கான் மாநாட்டில் டெரல் ஹைலண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதைத்தான் காட்டினார். பிரிண்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போக முடிந்தால், பாஸ்வேர்டு புள்ளிப் புள்ளியாக மறைந்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதைத் தொடாமல், சர்வர் முகவரியை மட்டும் உங்கள் லேப்டாப்பின் முகவரியாக மாற்றிவிட்டு "டெஸ்ட்" பொத்தானை அழுத்தினால் போதும். பிரிண்டர் விசுவாசமாக வந்து பாஸ்வேர்டை உங்களிடமே ஒப்பிக்கும். இதற்கு பாஸ்-பேக் தாக்குதல் என்று பெயர்.

அதனால்தான் மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மெஷினின் அட்மின் பாஸ்வேர்டை அப்படியே விடுவது வீண் வேலை. 2025 ஜூனில் ரேபிட்7 நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், பிரதர் நிறுவனத்தின் பல நூறு மாடல்களில் அட்மின் பாஸ்வேர்டின் ஆரம்ப மதிப்பை மெஷினின் சீரியல் எண்ணில் இருந்தே கணக்கிட முடியும் என்று தெரிந்தது. ஃபர்ம்வேர் புதுப்பித்தாலும் ஏற்கெனவே விற்ற மெஷின்களில் இது முழுசாகச் சரியாகாது, தொழிற்சாலையிலேயே மாற்ற வேண்டியது. கையால் அந்த ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றுவதுதான் வழி.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும் சார், ஆடிட்ல கேப்பாங்க" என்று எங்கள் ஐ.டி. தம்பி சொன்னான். இந்த மூணு மாதம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன்.

1985 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பாஸ்வேர்டு நிர்வாகம் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. அட்டை பச்சை நிறம், அதனால் பச்சைப் புத்தகம் என்றே பெயர். அதில் ஒரு கணக்கு உண்டு. பாஸ்வேர்டு எத்தனை நாள் உயிரோடு இருக்கிறதோ, எதிரி ஒரு நாளில் எத்தனை முறை ஊகிக்க முடிகிறதோ, இரண்டையும் பெருக்கி, மொத்தம் எத்தனை பாஸ்வேர்டு சாத்தியமோ அதால் வகுத்தால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கிடைக்கும். ஆயுளைக் குறைத்தால் ஆபத்து குறையும். அவர்கள் சொன்ன உச்ச வரம்பு ஒரு வருஷம். பிந்தைய அலுவலக விதிகள் அதை 90 நாளாக்கின, சில இடங்களில் 30 நாளாக்கின.

மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. மாற்றச் சொன்னால் Scan@123 போய் Scan@124 வரும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், காலம் வைத்து மாற்றச் சொல்லக் கூடாது என்று 2017-இல் தன் வழிகாட்டியைத் திருத்தியது. 2025-இல் வந்த புதுப் பதிப்பு அதையே கட்டாயமாக்கியது. ஆனால் பாஸ்வேர்டு வெளியே போய்விட்டதற்கு அறிகுறி இருந்தால் மாற்றியே ஆக வேண்டும் என்றும் இரண்டு பதிப்புகளும் சொல்கின்றன.

பிரிண்டர் விஷயத்தில் இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். இது ஒருவர் மனதில் வைத்திருக்கும் பாஸ்வேர்டு அல்ல, பலருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு. சர்வீஸ் எஞ்சினியருக்குத் தெரியும், நிர்வாகப் பிரிவுக்குத் தெரியும், ஸ்டிக்கரைப் படித்த கூரியர் பையனுக்கும் தெரியும். அதனால் எங்கள் விதியை காலண்டரில் இருந்து நிகழ்ச்சிக்கு மாற்றினோம். தெரிந்தவர் ஒருவர் விலகினால் மாற்றம். வாடகை மெஷின் திரும்பிப் போனால் மாற்றம். சர்வீஸ் நிறுவனம் மாறினால் மாற்றம்.

வாடகை மெஷின் என்றதும் ஒரு பழைய வழக்கு. 2010-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சி.பி.எஸ். சில பழைய நகல் மெஷின்களை வாங்கி உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தது. அதில் ஒன்று அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. டிஸ்க் அழிக்கப்படவில்லை, உள்ளே நோயாளிகளின் விவரங்கள். 2013-இல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. நோயாளி விவரம் தங்கும் மெஷினில் மெயில் பாஸ்வேர்டும் தங்கும். திருப்பிக் கொடுக்கும் முன் அழிப்பது ஒரு வேலை, அழித்தார்களோ இல்லையோ பாஸ்வேர்டை மாற்றிவிடுவது இன்னொரு வேலை.

நாங்கள் முதலில் செய்த தப்பு

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்கினேன். சொத்துப் பதிவேட்டில் ஐந்து மெஷின்கள் இருந்தன. மெயில் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றினேன், ஐந்துக்கும் நடந்து போய் புதுசைப் போட்டேன், ஒவ்வொன்றிலும் சோதனை மெயில் அனுப்பினேன். ஏழு மணிக்கு முடிந்தது. ஸ்டிக்கரையும் கிழித்துப் போட்டேன். பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை பத்தரைக்கு குடோனில் இருந்து போன்.

"சார், டெலிவரி சலான் மூணு தடவ ஸ்கேன் போட்டாச்சு, ஹெட் ஆபீஸ்ல வரலங்குறாங்க. லாரி நிக்குது சார்."

"அங்க ஏதுங்க ஸ்கேனர்?"

"ரெண்டு வருஷமா இருக்கே சார்! நீங்க பாத்ததில்லையா?"

குடோன் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி. அந்த மெஷினை அவர்களே வாங்கியிருக்கிறார்கள், பதிவேட்டில் இல்லை. ஸ்கேன் முடிந்ததும் திரையில் "முடிந்தது" என்று காட்டியதால் அவர்களும் போய்விட்டது என்றே நினைத்திருக்கிறார்கள். காகிதத்தைப் படித்து முடித்ததைத்தான் மெஷின் அப்படிச் சொல்கிறது. மெயில் தோற்றுப் போனது உள்ளே இருக்கும் ஜாப் லாக்கில் மட்டும் பதிவாகும். போனிலேயே வழி சொல்லி லாகைத் திறக்க வைத்தேன். 535 என்று தொடங்கும் வரி இருந்தது. 535 என்றால் பெயர் அல்லது பாஸ்வேர்டை சர்வர் ஏற்கவில்லை என்று அர்த்தம். அந்த எண்ணே வராமல் நேரம் கடந்து நின்றுபோனால், பிரச்சினை பெரும்பாலும் பாஸ்வேர்டில் இல்லை, போர்ட்டிலோ டி.எல்.எஸ்.ஸிலோ இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

வேறு வழியில்லாமல் புது பாஸ்வேர்டைப் போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அங்கே நாலு பேர் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாற்றி மூன்று நாள் ஆகவில்லை, மறுபடி ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டு.

இரண்டாவது முறை, சரியாக

தப்பு எங்கே என்று யோசித்தால், ஒரு மெயில் பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரே பாஸ்வேர்டுதான். மாற்றிய கணத்தில் எல்லா மெஷினும் ஒரேயடியாக வெளியே நிற்கும். தீர்வு பழைய பாலம் இருக்கும்போதே பக்கத்தில் புதுப் பாலம் கட்டுவது போல. பழைய பெட்டியைத் தொடாமல் இரண்டாவதாக ஒரு பெட்டி உருவாக்கினோம்.

முதலில் எந்தெந்த மெஷின்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். பதிவேட்டை நம்பிக் கெட்டாயிற்று. லாகின் பதிவும் உதவாது, ஒரே ஆபீஸில் இருக்கும் எல்லா மெஷினும் வெளியே ஒரே ஐ.பி. முகவரியாகத்தான் தெரியும். உதவியது ஸ்கேன் மெயில்களின் ஹெட்டர். கல்வெட்டில் அரசன் பெயருக்குக் கீழே கல் செதுக்கியவன் பெயர் இருப்பது போல, மெயில் ஹெட்டரில் மிகக் கீழே உள்ள Received வரியில், ஒப்படைத்த மெஷின் தன்னை என்ன பெயரில் அறிமுகப்படுத்திக்கொண்டது என்று இருக்கும். பல மெஷின்கள் தங்கள் நெட்வொர்க் பெயரையே சொல்கின்றன. BRN என்று தொடங்கினால் பிரதர், XRX என்றால் ஜெராக்ஸ், பின்னால் வருவது அந்த மெஷினின் மேக் முகவரி. மூன்று மாத ஸ்கேன்களில் வந்த பெயர்களைத் தொகுத்தேன். ஆறு தனித்தனிப் பெயர்கள் வந்தன, குடோன் உட்பட.

புதுப் பெட்டிக்கு 16 எழுத்தில் பாஸ்வேர்டு, ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். குறியீடுகளை வேண்டுமென்றே விட்டேன். சில பழைய பேனல்கள் சில குறியீடுகளை ஏற்காது, சில நீளமானதைச் சொல்லாமல் வெட்டிவிடும். நீளம் இருந்தால் குறியீடு இல்லாதது குறையல்ல. பேனலில் தட்டாமல், மெஷினின் வலைப்பக்கத்தை https வழியாகத் திறந்து ஒட்டினேன். அங்கே ஒரு பொறி உண்டு: நம் பிரவுசர் சேமித்து வைத்த அட்மின் பாஸ்வேர்டை, மெயில் பாஸ்வேர்டு கட்டத்தில் தானாகவே நிரப்பிவிடும். இரண்டுமே புள்ளிகளாகத் தெரிவதால் கண்டுபிடிக்க முடியாது. பிரைவேட் விண்டோவில் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அனுப்புநர் முகவரி இன்னொரு சிக்கல். பலர் பழைய ஸ்கேன் முகவரிக்கு மெயில் விதி எழுதி வைத்திருந்தார்கள். புதுப் பெட்டியில் நுழைந்து பழைய முகவரியில் அனுப்பினால், அனுமதி இல்லை என்று 5.7.60 பிழை வரும். பழைய முகவரியின் பெயரில் அனுப்பும் அனுமதியைப் புதுப் பெட்டிக்குக் கொடுத்ததும் சரியானது.

ஆறு மெஷினையும் ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக மாற்றினோம். அவசரம் இல்லை, மாற்றாதது பழைய பெட்டி வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்தந்த மெஷினின் அட்மின் பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றினோம். பிறகு பழைய பெட்டியை மூடாமல் மாதக் கடைசி தாண்டும் வரை காத்திருந்தேன். இருபத்தோராவது நாள், பழைய பெட்டியில் இருந்து ஒரு மெயில் போனது. அதுவரை பார்க்காத ஒரு பெயர் ஹெட்டரில். தேடிப் போனால் ஹெச்.ஆர். அறையில், திரைக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்கேனர்.

"இது யாரும் யூஸ் பண்றதில்ல சார், பி.எஃப். பேப்பர் வந்தா மட்டும்" என்றார் அங்கிருந்த அம்மா. ஏழாவது மெஷின். நேரடியாக மாற்றியிருந்தால், யாரோ ஒருவருடைய பி.எஃப். விண்ணப்பம் போகாமல் நின்றபோதுதான் தெரிந்திருக்கும்.

இன்னொரு மாதம் அமைதியாகப் போனபின் பழைய பெட்டியில் லாகினைத் தடை செய்தோம். அழிக்கவில்லை, தடை மட்டும், ஏதாவது தவறினால் திரும்பத் திறக்கலாம். சென்ட் ஐட்டம்ஸில் கிடந்ததையெல்லாம் அழித்தோம். புதுப் பெட்டியில் நகல் சேராதபடி மைக்ரோசாஃப்டில் ஒரு கட்டளை இருக்கிறது:

```
Set-Mailbox scan2@example.com -MessageCopyForSMTPClientSubmissionEnabled $false
```

பாஸ்வேர்டு மறுபடி கசிந்தாலும் பார்க்க உள்ளே எதுவும் இருக்காது. என்னைக் கேட்டால், செய்ததிலேயே அதிகப் பலன் தந்தது இந்த ஒரு வரிதான்.

கூகுள் மெயில் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே ஒரே பெட்டிக்குப் பல ஆப் பாஸ்வேர்டுகள் உருவாக்கலாம், மெஷினுக்கு ஒன்று என்று கொடுத்து ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம். ஆனால் அந்தக் கணக்கின் மூல பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா ஆப் பாஸ்வேர்டும் ஒரேயடியாக ரத்தாகிவிடும். தெரியாமல் செய்தால் அத்தனை மெஷினும் சேர்ந்து நிற்கும்.

திரும்பவும் 1982

இந்த முழு ஏற்பாடும் வெகுநாள் நிற்காது. மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் பாஸ்வேர்டு மட்டும் வைத்து நுழையும் பழைய வழிகளை வரிசையாக மூடத் தொடங்கியது. எஸ்.எம்.டி.பி.க்கு மட்டும் விலக்கு தந்தது, காரணம் இந்த மெஷின்கள்தான். பழைய டி.எல்.எஸ். மட்டும் தெரிந்த பிரிண்டர்களுக்காக smtp-legacy.office365.com என்று ஒரு தனி வாசலையே திறந்து வைத்தார்கள். 2024-இல், அந்த விலக்கும் 2025 செப்டம்பரோடு முடியும் என்று அறிவித்தார்கள். அந்தத் தேதியும் 2026-க்குத் தள்ளிப் போனது. உலகத்தின் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று நகல் மெஷின்களுக்காகக் காத்திருக்கிறது!

நாங்கள் கடைசியில் போய்ச் சேர்ந்தது, மெஷின்களில் பாஸ்வேர்டே இல்லாத ஏற்பாடு. ஆபீஸுக்குள் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியில் போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறது. மெஷின்கள் அதனிடம் 25-ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டு இல்லாமல் ஒப்படைக்கும், அது வெளியே அனுப்பும். குடோன் மெஷின் ஏற்கெனவே இருந்த வி.பி.என். வழியாக வருகிறது.

```
mynetworks = 127.0.0.0/8 10.20.30.0/28
relayhost = [smtp.office365.com]:587
smtp_sasl_auth_enable = yes
smtp_sasl_password_maps = hash:/etc/postfix/sasl_passwd
smtp_sasl_security_options = noanonymous
smtp_tls_security_level = encrypt
```

முதல் வரிதான் காவல். மெஷின்களுக்கென்று ஒதுக்கிய முகவரிகள் மட்டும் அதில் இருக்கின்றன, ஆபீஸ் முழுவதும் இல்லை. முழு நெட்வொர்க்கையும் சேர்த்தால், வைரஸ் பிடித்த ஒரு லேப்டாப் எங்கள் பெயரில் ஊருக்கெல்லாம் மெயில் அனுப்பும். பாஸ்வேர்டு இருப்பது sasl_passwd என்ற ஒரே கோப்பில். அதில் மாற்றி, `postmap /etc/postfix/sasl_passwd` என்று ஓட்டினால் வேலை முடிந்தது. நாளை பாஸ்வேர்டு முறையையே மூடினாலும் மாற்ற வேண்டியது இந்த ஒரு இடம், ஏழு மெஷின் அல்ல. குறை என்னவென்றால், இந்தப் பெட்டி நின்றால் ஏழும் நிற்கும். அதையும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இது போஸ்டல் காலத்து ஏற்பாடேதான். உள்ளூர் முகவரி, தெரிந்த முகம், பாஸ்வேர்டு வேண்டாம். வித்தியாசம், அன்று தெரிந்த முகம் என்று எல்லாரையும் நம்பினார்கள், நாங்கள் ஏழு மெஷினை எண்ணி எழுதி வைத்திருக்கிறோம்.

நுழைவாயில் மெஷினில் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் இன்னும் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிகிறது. போன வாரம் வேறு வேலையாக வந்த சர்வீஸ் எஞ்சினியர் அதைப் பார்த்துவிட்டு, "சார், பாஸ்வேர்டு சொன்னீங்கன்னா எழுதி ஒட்டிடறேன்" என்றார். எழுத ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.